ஜப்பானில் காதலை எப்போது சொல்ல வேண்டும்? மூன்றாவது சந்திப்பு தாண்டிவிட்டது

ஒசாகா கோவையான்:

எல்லோருக்கும் வணக்கம். ஒசாகாவில் வேலை பார்க்கிறேன். பேர்ஸ் என்ற டேட்டிங் ஆப்பில் அறிமுகமான ஒரு பெண்ணோடு செப்டம்பரிலிருந்து பழகி வருகிறேன். அவர் கோபேக்காரர். முதலில் உமேதாவில் ஒரு காபி, அடுத்து நாராவுக்கு ஒரு பகல் பயணம், அப்புறம் ஒரு சினிமாவும் சாப்பாடும். நாராவில் மானுக்கு பிஸ்கட் நீட்டப் போய், அது பிஸ்கட்டை விட்டுவிட்டு என் சட்டையைக் கடித்து இழுத்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இணையத்தில் எங்கே படித்தாலும், ஐ லவ் யூ சொல்ல மூன்று மாதமாவது பொறுங்கள், அவசரப்பட்டால் ஆள் ஓடிவிடும் என்றுதான் இருக்கிறது. நானும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இப்போது லைன் மெசேஜ் ஆப்பில் பதில் வர அரை நாள் ஆகிறது. அடுத்து எப்போது பார்க்கலாம் என்றால், வேலை கொஞ்சம் நெருக்கடி என்கிறார். கூட வேலை செய்யும் ஜப்பானியர் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "இன்னுமா சொல்லவில்லை?" என்று தலையில் கை வைத்துவிட்டார். யார் சொல்வது சரி?

மாணிக்கம் தாத்தா:

தம்பி, முதலில் வீட்டில் பேசினீர்களா? இந்தக் காலத்துப் பிள்ளைகள் மோதிரத்தோடு முட்டி போட்டுக் கேட்கிறார்கள். கோபே முத்துக்குப் பெயர் போன ஊர். அங்கேயே நல்ல கடையாகப் பார்த்து வாங்குங்கள். ஜாதகம் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு இருக்கிறதா?

ஒசாகா கோவையான்:

ஐயா, நான் கல்யாணத்துக்குக் கேட்கவில்லை. பிடித்திருக்கிறது என்று சொல்வதையே எப்போது என்று கேட்கிறேன்.

மாணிக்கம் தாத்தா:

இரண்டுக்கும் நடுவில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்ன!

அனிமே அருள்:

நண்பா, சொல்லவே சொல்லாதீர்கள். ஜப்பானியர்கள் காதலை வாயால் சொல்லும் ஆட்களே இல்லை. குடையைக் கொடுப்பார்கள், மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பார்கள், அதிலிருந்து நாமே புரிந்துகொள்ள வேண்டும். அவர்களிடம் போய் நேரடியாகச் சொன்னால் மிரண்டுவிடுவார்கள். ஒரு குளிர்காலம் போகட்டும், தானாகக் கனியும்.

சைத்தாமா செல்வி:

அருள் தம்பி சொல்வது கல்யாணம் ஆனவர்களுக்குப் பொருந்தும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அது நேர் எதிர். கோவைத் தம்பி, உங்கள் ஆபீஸ்காரர் சொன்னதுதான் சரி. நான் சைத்தாமாவில் குடியிருக்கிறேன், கணவர் இந்த ஊர்க்காரர். கல்யாணத்துக்கு முன்னால் நானும் இதே இடத்தில்தான் முழித்தேன்.

இங்கே கொக்குஹக்கு என்று ஒன்று உண்டு. சடங்கு என்றே சொல்லலாம். வசனம்கூட ஏறக்குறைய முடிவானது: "சுகி தெஸ். ட்ஸுகியாத்தே குதசாய்." உங்களைப் பிடித்திருக்கிறது, என்னோடு பழகுங்கள், அவ்வளவுதான். அதற்கு முன்னால் எத்தனை முறை சேர்ந்து சாப்பிட்டாலும், கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாலும், நீங்கள் இருவரும் ஜோடி ஆகிவிட்டதாக அவர் நினைக்கமாட்டார். அந்தப் பெண் அதே ஆப்பில் இன்னொருவரையும் பார்த்துக்கொண்டிருந்தால் அதைத் துரோகம் என்று பெரும்பாலும் யாரும் சொல்லமாட்டார்கள். நீங்கள் கேட்டு, அவர் "யொரொஷிகு ஒனெகாயிஷிமாஸ்" என்று தலையைக் குனிந்தால் அந்த நிமிடத்திலிருந்து ஜோடி. ஆப்பிலிருந்து இரண்டு பேரும் வெளியேறுவது, நண்பர்களிடம் சொல்வது எல்லாம் அதற்கப்புறம்தான். ஒரு மாத நிறைவு, ஒரு வருட நிறைவு கொண்டாடுகிறவர்களும் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணுவார்கள்.

மூன்றாவது சந்திப்பு என்பது சட்டமில்லை. ஆனால் ஜப்பானியக் காதல் ஆலோசனைப் பக்கம் எதைத் திறந்தாலும் அந்தக் கணக்கு இருக்கும். முதல் தடவை ஆளைப் பார்ப்பது, இரண்டாவது தடவை பேச்சு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது, மூன்றாவதில் சொல்லிவிடுவது. அதைத் தாண்டி இழுத்தால் அந்தப் பக்கம் இரண்டு சந்தேகம் வரும். ஒன்று, இவனுக்கு என்மேல் அப்படி ஒன்றும் இல்லை போலிருக்கிறது. இன்னொன்று, பொறுப்பில்லாமல் சும்மா சுற்றப் பார்க்கிறான். வெளிநாட்டு ஆண் என்றால் இரண்டாவது சந்தேகம் சட்டென்று வந்துவிடும். பதில் தாமதமாவதும் "வேலை நெருக்கடி"யும் அதனால்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது. நிஜமாகவே வேலை நெருக்கடியாகவும் இருக்கலாம். இங்கே அதற்கும் குறைவில்லை!

ரைன்கரை ரகு:

என் கதையைக் கேளுங்கள். ஜெர்மனியில் இருக்கிறேன். பழக ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் நான் சொல்லிவிட்டேன். நம்மூர் வேகம். அவள் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. "உனக்கு என்னை இன்னும் தெரியாதே" என்றாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே விளக்கம் கேட்ட மாதிரி இருந்தது. எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. ஆனால் அடுத்த வாரம் அவளே என்னைத் தன் நண்பர்களிடம் கூட்டிப்போய் "என் நண்பன்" என்று அறிமுகப்படுத்தினாள். அங்கே அப்படிச் சொன்னால் காதலன் என்றுதான் அர்த்தம் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஜோடி ஆகி, சேர்ந்து ஒரு விடுமுறையும் போய்வந்த பிறகுதான் அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள். அப்படியென்றால் நான் முதலில் சொன்னது கணக்கில் உண்டா, இல்லையா?

கணக்கர் கண்ணன்:

ரகு, உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் கோவையான் படித்த மூன்று மாதக் கணக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது.

2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு இருக்கிறது. ஸ்காட்லாந்தில் உள்ள அபர்டே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் வாட்கின்ஸும் சகாக்களும் செய்தது. ஏழு நாடுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கேட்டார்கள். ஆண்கள் சொல்ல எடுத்துக்கொண்டது சராசரியாக மூன்றரை மாதம், பெண்கள் சுமார் நான்கு மாதம். பெண்கள்தான் முதலில் சொல்வார்கள் என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் ஆறு நாடுகளில் ஆண்கள்தான் முந்திக்கொண்டார்கள், பிரான்ஸ் மட்டும் விதிவிலக்கு. அமெரிக்காவில் ஜோஷுவா ஆக்கர்மன் குழு 2011இல் செய்த ஆய்விலும் இதே மாதிரிதான் வந்தது.

இப்போது அந்த ஏழு நாடுகளைப் பாருங்கள்: பிரிட்டன், பிரான்ஸ், போலந்து, ஆஸ்திரேலியா, பிரேசில், சிலி, கொலம்பியா. ஆசிய நாடு ஒன்றுகூட இல்லை. அந்தச் சராசரியை ஒசாகாவுக்குக் கொண்டுவந்து காத்திருந்தால் இப்படித்தான் ஆகும்.

அனிமே அருள்:

சரி, அப்படியென்றால் ஜப்பானியர்கள்தான் உலகத்திலேயே சீக்கிரம் சொல்கிறவர்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா? கேட்கவே வேடிக்கையாக இருக்கிறது.

கணக்கர் கண்ணன்:

அப்படி வரிசை போட முடியாது. பிரிட்டனில் மூன்றரை மாதம் கழித்துச் சொல்கிறவன் ஏற்கனவே ஜோடியாகிவிட்டவன். ஜப்பானில் சொல்கிறவன் ஜோடியாவதற்காகச் சொல்கிறான். வேறு வேறு வேலை செய்யும் இரண்டு வாக்கியங்களை ஒரே கடிகாரத்தில் அளக்கக் கூடாது. அமெரிக்காவில், இனி வேறு யாரையும் பார்க்க வேண்டாம் என்று ஒரு பேச்சு தனியாக நடக்கும், அதில் காதல் என்ற சொல்லே வராது. சைத்தாமா அக்கா சொல்லும் கொக்குஹக்குவுக்குச் சமமான இடம் அங்கே அந்தப் பேச்சுக்குத்தான். ஐ லவ் யூ அதற்கு அப்புறம் வருகிற இன்னொரு படி.

சைத்தாமா செல்வி:

கண்ணன் சரியாகப் பிடித்துவிட்டார். அமெரிக்காவில் அந்தப் பேச்சுக்கு அப்புறம் வரும் காதல் வாக்கியம் ஜப்பானில் எப்போது வரும் என்று கேட்டால், பல வீடுகளில் வருவதே இல்லை. என் கணவர் கொக்குஹக்குவின்போது சொன்னார், அப்புறம் கல்யாணத்துக்குக் கேட்டார், அதோடு முடித்துக்கொண்டார். குன்மா மாகாணத்தில் ட்ஸுமகோய் என்று முட்டைக்கோஸுக்குப் பெயர் போன ஒரு கிராமம் இருக்கிறது. 2006இலிருந்து அங்கே ஒரு விழா நடத்துகிறார்கள். கணவன்மார்கள் முட்டைக்கோஸ் வயலுக்கு முன்னால் போட்ட மேடையில் ஏறி நின்று, மனைவியிடம் அன்பைத் தொண்டை கிழியக் கத்திச் சொல்ல வேண்டும். வீட்டிலேயே சொல்லிப் பழகியிருந்தால் அவ்வளவு தூரம் போவார்களா? அருள் தம்பி சொன்ன வாய்மூடிக் காதல் இந்த இடத்தில்தான்.

கடலூர் பாஸ்கர்:

நான் 90களின் தொடக்கத்தில் தோக்கியோவில் இருந்தவன். இதை ஏதோ ஆதி காலத்துச் சம்பிரதாயம் என்று நினைத்துவிடாதீர்கள். 1930களில் அங்கே பத்தில் ஏழு கல்யாணம் ஓமியாய், அதாவது பெரியவர்கள் நடுவில் நின்று பார்த்து வைப்பது. 1960களின் கடைசியில்தான் காதல் கல்யாணம் அதை முந்தியது. அதுவரை யார் யாரோடு என்பதை நடுவில் நிற்கிற மனிதர் சொல்லிவிடுவார். அவர் போன பிறகு அந்த வேலையை ஜோடிகளே செய்துகொள்ள வேண்டி வந்தது. கொக்குஹக்கு அந்தக் காலியிடத்தில் வந்து உட்கார்ந்தது என்பது என் எண்ணம்.

நான் இருந்தபோது சனிக்கிழமை இரவில் ஒரு டிவி நிகழ்ச்சி பிரபலம். 1987 முதல் 1994 வரை ஓடியது, நெருதோன் என்று சுருக்கமாகச் சொல்வோம். ஆண்கள் ஒரு கூட்டம், பெண்கள் ஒரு கூட்டம். பகல் முழுக்கப் பேசிப் பழகிவிட்டு, கடைசியில் ஒவ்வொரு ஆணும் தனக்குப் பிடித்த பெண்ணின் முன்னால் போய்க் குனிந்து கையை நீட்டி "ஒனெகாயிஷிமாஸ்" என்பான். அதே பெண்மேல் கண் வைத்திருக்கும் இன்னொருவன் பின்னாலிருந்து "சொத்தோ மத்தா!" என்று கத்திக்கொண்டு ஓடிவருவான். பொறு என்று அர்த்தம். பெண் கையைப் பிடித்தால் ஜோடி. "கோமென் நசாய்" என்றால் மன்னிப்போடு மறுப்பு. அவன் அப்படியே திரும்பி ஓடிப்போவான். எங்கள் விடுதியில் அதைப் பார்க்க ஒரு கூட்டமே சேரும். ஒரே நாள் பழக்கத்தில் கேட்கலாம், மறுத்தாலும் குடி முழுகிப் போகாது என்பதை அந்தத் தலைமுறை வாராவாரம் டிவியில் பார்த்தது.

ஸ்கார்பரோ பெடியன்:

நான் கனடாவில். வாசிச்சுக்கொண்டு வர ஒரு விஷயம் எனக்கு விளங்கேல்லை. எங்கட ஆக்களிலும் சொல்லித்தானே தொடங்குறது? ஊரில ஒருத்தன் ஒரு பெட்டையிட்ட ஐ லவ் யூ சொன்னால்தான் கதையே ஆரம்பம். அப்ப யப்பானும் நாங்களும் ஒண்டுதானே? கோவைக்காரர் ஊர் வழக்கப்படி செய்திருந்தாலே சரியாய் வந்திருக்கும் போல.

சைத்தாமா செல்வி:

நல்ல கேள்வி. நானும் இதை நிறைய யோசித்திருக்கிறேன். வாசல் ஒன்றுதான், உள்ளே இருக்கிற வீடு வேறு. நம்மூரில் பஸ் ஸ்டாண்டில் மாதக்கணக்கில் பார்த்துவிட்டு, பேசாமலே ஒருவன் சொல்லிவிடுவான். சொன்னால் அதில் கல்யாணம் வரைக்கும் அடங்கியிருக்கும். அந்தப் பெண் சரி என்றால் நாளைக்கு வீட்டில் நடக்கப்போகும் சண்டைக்கும் சேர்த்துச் சரி என்கிறாள். அதனால்தான் அவளுக்குக் கை நடுங்குகிறது, அவன் பதிலுக்காக வருடக்கணக்கில் நிற்கிறான்.

இங்கே கேட்பது அவ்வளவு கனமில்லை. கொஞ்சம் பேசிப் பார்த்துவிட்டு, இனி ஜோடியாகப் பழகிப் பார்க்கலாமா என்று கேட்பதுதான். மூன்று மாதத்தில் ஒத்துவரவில்லை என்றால் நாகரிகமாகப் பிரிந்துவிடுவார்கள். இன்னொன்றும் உண்டு. ஒருமுறை கோமென் நசாய் என்றால் அதோடு முடிந்தது. பின்னாலேயே போய் மனதை மாற்றுகிற வேலையெல்லாம் இங்கே காதல் ஆகாது, போலீஸ் கேஸ் ஆகும்.

தோக்கியோ நித்யா:

செல்வி அக்கா, நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு. முப்பது தாண்டியவர்களில் பலர் இந்த வசனமெல்லாம் சின்னப்பிள்ளைத்தனம் என்று நினைக்கிறார்கள். என் ஜப்பானியத் தோழி ஒருத்தி, சொல்லாமலே ஜோடியாகி இப்போது சேர்ந்து வாழ்கிறாள். அவர்களுக்கு ஆண்டு நிறைவு எந்தத் தேதி என்பதில்தான் வருடாவருடம் தகராறு.

அப்புறம், ஏன் ஆண்தான் சொல்ல வேண்டும்? பிப்ரவரி 14 அன்று இங்கே பெண்கள்தானே ஆணுக்குச் சாக்லேட் கொடுக்கிறார்கள். அலுவலகத்தில் கடமைக்குக் கொடுப்பது ஒரு ரகம், மனதில் இருப்பவருக்குக் கொடுப்பது இன்னொரு ரகம். பதிலுக்கு மார்ச் 14 அன்று ஆண்கள் கொடுப்பார்கள். இந்தக் கோபேப் பெண்ணே கேட்டிருக்கலாமே?

சைத்தாமா செல்வி:

கேட்டிருக்கலாம்தான். ஆனால் மற்ற நாட்களில் பாரம் இன்னும் ஆண் தலையில்தான் என்பதை நீயும் பார்த்திருப்பாய். முப்பது தாண்டியவர்கள் விஷயத்தில் நீ சொல்வதும் உண்மை. ஆனால் ஆப் வழியாகச் சந்தித்தவர்களுக்குப் பொது நண்பர்கள் இல்லை, சேர்ந்து வேலை செய்யும் இடமும் இல்லை. தானாகக் கனிவதற்கு இடமே கிடையாது. அதனால் ஆப் ஜோடிகளுக்குத் தெளிவாகச் சொல்வது இன்னும் தேவை என்பேன்.

தோக்கியோ நித்யா:

தேவைதான், ஆனால் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள் என்று சொல்லாதீர்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பெண்ணாக இருந்தால் அவரே இவருடைய வழக்கம் என்னவோ என்று குழம்பிக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் அடுத்தவர் ஊர் விதியை மதித்து மௌனமாக இருப்பதும் நடக்கிறது.

ஒசாகா கோவையான்:

அவர் வெளிநாட்டில் படித்தவர் இல்லை. வயது முப்பதுக்குக் கீழே. அக்கா, சொல்வதென்றே வைத்துக்கொள்வோம். எப்படி, எங்கே? லைனில் எழுதி அனுப்பினால் போதுமா? ஐஷிதெரு என்று சொல்லட்டுமா?

சைத்தாமா செல்வி:

ஐஷிதெரு வேண்டவே வேண்டாம். அது ஆழ்ந்த காதலைச் சொல்லும் கனமான வார்த்தை, இந்தக் கட்டத்துக்குத் தாங்காது. சுகி போதும். அதைவிட முக்கியம் இரண்டாவது பாதி. வெளிநாட்டுக்காரர்கள் பலர் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அழகாக நிறுத்திவிடுவார்கள். அந்தப் பக்கம் "நன்றி" என்று வரும். இவர்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் ஒன்றும் மாறியிருக்காது. நீங்கள் கேள்வி கேட்கவே இல்லையே, அவர் எதற்குப் பதில் சொல்வார்? ட்ஸுகியாத்தே குதசாய் வரைக்கும் போய்விட வேண்டும்.

லைனில் பள்ளிப் பிள்ளைகள் கேட்பதுண்டு. உங்கள் வயதில் நேரில் கேட்பதுதான் மரியாதை. சாப்பாட்டுக்கு நடுவில் மட்டும் கேட்காதீர்கள். மறுக்க நினைத்தால் பாவம் அவர் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே மீதிச் சாப்பாட்டையும் இனிப்பையும் முடிக்க வேண்டும். சாப்பிட்டு முடித்து ஸ்டேஷனுக்கு நடக்கிற வழி நல்லது. கூட்டம் குறைவான ஒரு திருப்பம், ஆற்றுப் பாலம், எதுவாக இருந்தாலும் சரி. பதில் எதுவானாலும் ரயில் ஏறிப் போய்விடலாம். ஆனால் கோபேக்குக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். ரயில் போன பிறகு கேட்டால் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும்!

காலமும் பார்க்க வேண்டும். இங்கே கிறிஸ்துமஸ் முந்தைய இரவு குடும்பத்துக்கானது இல்லை, ஜோடிகளுக்கானது. அன்றைக்கு வாருங்கள் என்று கூப்பிடுவதே பாதி கேட்ட மாதிரி. அதனால் அதற்கு முன்பே, டிசம்பர் முதல் பாதியில் கேட்டுவிடுவது உத்தமம்.

மாணிக்கம் தாத்தா:

கடைசி ரயில் பார்த்துக் காதல் சொல்கிற நாடு. எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒசாகா கோவையான்:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கோபேயில், சன்னோமியாவில் சாப்பிட்டோம். ஸ்டேஷனுக்கு வரும் வழியில் ஒரு வெண்டிங் மெஷின் பக்கத்தில் நின்று, மனப்பாடம் செய்தபடி இரண்டு பாதியையும் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "ஏன் இவ்வளவு நாள்?" என்று. இணையத்தில் படித்ததைச் சொன்னேன். சிரித்தார். தன்னோடு நான் வெறும் ஜப்பானிய மொழி பழகிக்கொண்டிருப்பதாக நினைத்தாராம்.

ஆனால் யொரொஷிகு வரவில்லை. "கொஞ்சம் யோசிக்க நேரம் கொடுங்கள்" என்றார். இதற்கு என்ன அர்த்தம்?

அனிமே அருள்:

அது நாகரிகமான மறுப்பு, நண்பா. அவர்கள் இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

தோக்கியோ நித்யா:

மறுப்பு என்றால் "ஏன் இவ்வளவு நாள்" என்று எதற்குக் கேட்கப் போகிறார்? ஆப்பில் வேறு யாரையாவது பார்க்க ஆரம்பித்திருக்கலாம். அதை ஒழுங்காக முடித்துவிட்டு வர நேரம் கேட்டிருப்பார்.

சைத்தாமா செல்வி:

இரண்டும் நடப்பதுதான். ஒரு வாரம் விடுங்கள். நடுவில் பதில் கேட்டு மெசேஜ் போடாதீர்கள், வழக்கமான பேச்சைப் பேசிக்கொண்டிருங்கள். அவரே சந்திக்கலாம் என்று நாள் குறித்தால் நல்லது. "சாரி, வேலை" என்று மறுபடி வந்தால் அருள் சொன்னதுதான்.

ரைன்கரை ரகு:

அதெல்லாம் சரி, என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?